ஹார்லிக்ஸுக்குக் கொடுக்கப்பட்ட விலை எது?

2018 டிசம்பர் 3 அன்று, ஜிஎஸ்கே கன்ஸ்யூமர் ஹெல்த்கேர் நிறுவனத்தைத் தன்னோடு இணைத்துக்கொள்வதாக இந்துஸ்தான் யூனிலீவர் அறிவித்தது. ஜிஎஸ்கே நிறுவனத்தின் ஒவ்வொரு பங்குக்கும் 4.39 யூனிலீவர் பங்குகள் தரப்படும் என்பது உடன்பாடு. அன்று சொல்லப்பட்ட மதிப்பு 31,700 கோடி ரூபாய். சட்ட நடைமுறைகள் எல்லாம் முடிந்து இணைப்பு நடைமுறைக்கு வந்த நாள் 2020 ஏப்ரல் 1. அந்த ஆண்டின் கணக்கேடுகளில் கொள்முதல் மறுபயனாகப் பதிவான தொகை 40,242 கோடி.

இடைப்பட்ட பதினாறு மாதங்களில் உடன்பாட்டின் ஒரு சொல்லும் மாறவில்லை. 4.39 என்ற விகிதம் அப்படியே இருந்தது. ஜிஎஸ்கேயின் 4.2 கோடிச் சொச்சம் பங்குகளுக்கு ஈடாக வெளியிட வேண்டிய 18.46 கோடிப் பங்குகளும் அப்படியே இருந்தன. கைமாறியது அதே வணிகம்தான்: நாபா, ராஜமகேந்திரவரம், சோனிபட் ஆலைகளும் பூஸ்ட் டப்பாக்களும் விற்பனைப் பணியாளர்களும். ஆனால் விலை 8,542 கோடி கூடிவிட்டது. கூடியது எதன் மதிப்பு? இந்தக் கேள்வியை இந்தியாவின் வணிகவியல் துறைகள் தம் மாணவர்களிடம் கேட்பதில்லை. தம் ஆய்வேடுகளிடமும் கேட்பதில்லை. கேட்காததன் விளைவு சிறியதன்று.

முதலில் வகுப்பறை. இளங்கலை மூன்றாம் ஆண்டிலும் முதுகலையிலும் 'நிறுமங்களின் ஒருங்கிணைப்பு' என்ற பாடம் உண்டு. கொள்முதல் மறுபயனைக் கணக்கிட மொத்தத் தொகை முறை, நிகரச் செலுத்துதல் முறை, நிகரச் சொத்து முறை என மூன்று முறைகள் மனப்பாடம் செய்யப்படுகின்றன. கணக்கு பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கும்: 'ஏ நிறுமம், பி நிறுமத்தின் பங்குதாரர்களுக்குப் பத்து ரூபாய் முகமதிப்புள்ள பங்குகளைப் பதினைந்து ரூபாய் வீதம் வெளியிட்டது.' அந்தப் பதினைந்து ரூபாய் எங்கிருந்து வந்தது, எந்த நாளின் விலை அது என்று கேள்வித்தாளும் சொல்வதில்லை, மாணவரும் வினவுவதில்லை. பெருக்கினால் மறுபயன் கிடைக்கிறது. அதிலிருந்து நிகரச் சொத்துகளைக் கழித்தால் 'நற்பெயர்' கிடைக்கிறது. இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் முழு மதிப்பெண். சொத்துகள் பெரும்பாலும் ஏட்டு மதிப்பிலேயே எடுத்துக்கொள்ளப்படும். 'இயந்திரத்தைப் பத்து விழுக்காடு கூட்டி மதிப்பிடுக' என்ற ஒரு வரிதான் நியாய மதிப்புக்கு அந்தப் பாடம் செலுத்தும் அதிகபட்ச மரியாதை.

இந்தப் பாடத்தின் அடித்தளம் கணக்கியல் தரநிலை 14. அது இன்றும் செத்துவிடவில்லை. ஆனால் பெரிய பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த இண்ட் ஏஎஸ் தரநிலைகளில், வணிக இணைப்புகளுக்கு உரியது 103ஆம் எண். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை யூனிலீவர் இணைப்பைக் கொண்டே அளந்துவிடலாம்.

பழைய தரநிலை 'இணைப்புத் தன்மையுள்ள ஒருங்கிணைப்பு' என்று ஒன்றை அனுமதித்தது. ஐந்து நிபந்தனைகள் நிறைவேறினால் போதும். எல்லாச் சொத்துகளும் பொறுப்புகளும் மாற வேண்டும். தொண்ணூறு விழுக்காட்டுப் பங்குதாரர்கள் புதிய நிறுமத்தின் பங்குதாரர்கள் ஆக வேண்டும். பின்னப் பங்குகளுக்குத் தரும் ரொக்கம் நீங்கலாக மறுபயன் முழுவதும் பங்குகளாகவே இருக்க வேண்டும். வணிகம் தொடர வேண்டும். ஏட்டு மதிப்புகளைத் திருத்தக்கூடாது. ஜிஎஸ்கே இணைப்பு இவை ஐந்தையும் ஏறக்குறைய அப்படியே நிறைவேற்றியிருக்கும். அப்படியானால் பதிவு எப்படி அமைந்திருக்கும்? வெளியிட்ட 18.46 கோடிப் பங்குகளும் ஒரு ரூபாய் முகமதிப்பில் வெறும் 18.46 கோடி ரூபாய் மூலதனமாக ஏறியிருக்கும். ஜிஎஸ்கேயின் சொத்துகள் அதன் ஏடுகளில் இருந்த விலையிலேயே வந்து சேர்ந்திருக்கும். பல பத்தாண்டுகளாக உள்ளுக்குள்ளேயே வளர்ந்த வணிகப் பெயர்களுக்கு அந்த ஏடுகளில் மதிப்பே கிடையாது, ஆகவே இங்கும் கிடையாது. வேறுபாடு காப்புகளில் சரிசெய்யப்பட்டிருக்கும். நாற்பதாயிரம் கோடி மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கிய ஒரு வணிகத்தின் விலை, எந்த ஏட்டிலும் எங்கும் தெரியாமல் போயிருக்கும்.

இதைக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். வங்கிகளுக்கு இண்ட் ஏஎஸ் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே 2023 ஜூலை 1 அன்று நடந்த ஹெச்டிஎஃப்சி, ஹெச்டிஎஃப்சி வங்கி இணைப்பு இந்தியக் கணக்கேடுகளில் அந்தப் பழைய முறையிலேயே பதிவானது. அதே வங்கி அமெரிக்கக் கட்டுப்பாட்டாளருக்குத் தாக்கல் செய்யும் கணக்குகளில் அதே இணைப்பு நியாய மதிப்பில், பெரும் நற்பெயரோடு பதிவாகிறது. ஒரே நிகழ்வு, ஒரே நாள், இரண்டு கணக்கேடுகள். எது உண்மை என்று கேட்கும் மாணவருக்குப் பாடநூலில் விடை இல்லை.

எனவே நியாய மதிப்பு முறையைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. வாங்கிய சொத்துகளைப் பொறுத்தவரை அது பழைய முறையைவிட எல்லா வகையிலும் மேலானது. வாங்கியவர் என்ன கொடுத்தார், அதற்கு என்ன பெற்றார் என்று அது கேட்கிறது. விற்றவரின் ஏட்டில் இருந்ததா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல. பூஸ்ட் என்ற பெயர் ஜிஎஸ்கேயின் ஏட்டில் சுழியமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெயரை இன்னொருவரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தால் ஒவ்வொரு நூறு ரூபாய் விற்பனைக்கும் எவ்வளவு உரிமத்தொகை கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிடலாம். சொந்தமாக இருப்பதால் மிச்சமாகும் அந்தத் தொகையை எதிர்கால ஆண்டுகள் முழுவதற்கும் திரட்டி, உரிய வட்டி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் பெயரின் மதிப்பு கிடைக்கும். கிடங்கில் இருந்த சரக்குக்கும் இதே நோக்குதான். முடிவுற்ற சரக்கை அடக்க விலையில் எடுக்கக்கூடாது. விற்பனை விலையிலிருந்து, விற்பதற்கான செலவையும் அந்த விற்பனை முயற்சிக்கு நியாயமான இலாபத்தையும் கழித்துக்கொண்டே எடுக்க வேண்டும். உற்பத்தி செய்த இலாபம் விற்றவருடையது, வாங்கியவருடையதன்று என்பது இதன் பொருள். இணைப்புக்குப் பின் வரும் முதல் காலாண்டில் இலாப விகிதம் சற்றே மெலிந்து தெரிந்தால், திறமைக்குறைவு என்று முடிவு கட்டுமுன் இதைப் பார்க்க வேண்டும்.

2020-21ஆம் ஆண்டு முடிவில் யூனிலீவரின் இருப்புநிலைக் குறிப்பே மாறிப்போனது. முந்தைய ஆண்டில் சில நூறு கோடிகளாக இருந்த புலனாகாச் சொத்துகள் 27,000 கோடியைத் தாண்டின. நற்பெயர் 17,316 கோடியாக நின்றது. இந்தியாவுக்கான ஹார்லிக்ஸ் பெயருரிமை ஜிஎஸ்கே குழுமத்திடமிருந்து தனியே 3,045 கோடிக்கு வாங்கப்பட்டது. பெயர் ஒருவரிடமும் அந்தப் பெயரில் நடந்த வணிகம் இன்னொருவரிடமும் இருந்ததைத் தேர்வுத்தாளுக்குள் அடைக்க எவராலும் முடியாது.

சிக்கல் தொடங்குவது இந்த 17,316 கோடியில்.

தரநிலை 103 இரண்டு தனித்தனி அளவைகளைச் செய்யச் சொல்கிறது. ஒன்று, பெற்ற சொத்துகளையும் ஏற்ற பொறுப்புகளையும் ஒவ்வொன்றாக நியாய மதிப்பில் அளப்பது. மற்றொன்று, கொடுத்த மறுபயனை, கட்டுப்பாடு கைமாறும் நாளின் நியாய மதிப்பில் அளப்பது. மறுபயன் பட்டியலிட்ட பங்குகளாக இருந்தால், அந்த நாளின் சந்தை விலையே அளவுகோல். உடன்பாடு செய்த நாளின் விலை கணக்கில் வராது. இரண்டு அளவைகளுக்கும் இடையிலுள்ள மிச்சம் நற்பெயர். அதாவது நற்பெயரை எவரும் அளப்பதில்லை. வேறு இரண்டை அளந்தபின் தரையில் கிடப்பதைக் கூட்டி அள்ளுவதற்கு வைத்த பெயர் அது.

18.46 கோடிப் பங்குகளை 31,700 கோடி என்று 2018இல் சொன்னபோது, பங்கு ஒன்றின் விலை ஏறத்தாழ 1,717 ரூபாய் என்று கொள்ளப்பட்டிருக்கிறது. 40,242 கோடியை அதே எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 2,180 வரும். ஏறியது யூனிலீவர் பங்கின் விலை. சோப்பும் தேயிலையும் சலவைத் தூளும் விற்கும் நிறுவனத்தைப் பற்றிச் சந்தை கொண்டிருந்த எண்ணம் பதினாறு மாதங்களில் உயர்ந்தது. அந்த உயர்வு, வாங்கப்பட்ட வணிகத்தின் நற்பெயர் என்ற தலைப்பில் போய் உட்கார்ந்தது. வாங்கியவரின் சொந்தப் பங்கு ஏறியதால் வாங்கப்பட்டவரின் நற்பெயர் பெருத்தது என்றால், அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

தரநிலையின் ஆதரவாளர்களிடம் ஒரு மறுமொழி உண்டு, அது வலுவானதும்கூட. அந்த நாளில் அந்தப் பங்குகளைச் சந்தையில் வெளியிட்டிருந்தால் 40,242 கோடி திரட்டியிருக்கலாம், அதை விட்டுக்கொடுத்ததால் அதுவே உண்மையான விலை என்பது அந்த மறுமொழி. இதைச் சோதிக்க வரலாறு ஒரு வாய்ப்பைத் தந்தது. ஜிஎஸ்கே குழுமம் இந்திய நிறுவனத்தில் 72.5 விழுக்காடு வைத்திருந்ததால் அதற்குச் சுமார் 13.4 கோடி யூனிலீவர் பங்குகள் கிடைத்தன. ஏப்ரல் 1 விலையில் அவற்றின் மதிப்பு 29,100 கோடிக்கு மேல். குழுமம் அவற்றை மே மாதத் தொடக்கத்திலேயே மொத்தமாக விற்றது. கிடைத்தது சுமார் 25,500 கோடி. பெருந்தொகுதியாக விற்றால் தள்ளுபடி தர வேண்டியிருக்கும், நாடே ஊரடங்கில் இருந்தது, சந்தை நிலையாக இல்லை. இவற்றை எல்லாம் ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டாலும், கணக்கேட்டில் என்றென்றைக்குமாகப் பதிந்த விலைக்கும் ஐந்து வாரங்களில் கைக்கு வந்த பணத்துக்கும் இடையே ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு காணாமல் போனது உண்மை. ஏப்ரல் 1க்குப் பதிலாக மே 7 அன்று இணைப்பு நிறைவேறியிருந்தால் நற்பெயர் பல ஆயிரம் கோடி குறைந்திருக்கும். ஹார்லிக்ஸின் சுவையில் அதனால் ஒரு மாற்றமும் நேர்ந்திருக்காது.

இங்கு ஒரு நுணுக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 8,542 கோடியும் முழுமையாக நற்பெயருக்குள்தான் விழுந்தது என்று எவரும் சாதிக்க முடியாது. மதிப்பீட்டாளர்கள் கொடுத்த விலையையும் வணிகத்தின் எதிர்காலப் பணவரத்தையும் ஒப்பிட்டு, அந்த விலைக்கு அந்த வணிகம் தரும் உள்ளார்ந்த வருவாய் வீதத்தைக் கணக்கிடுவார்கள். பெயர்களின் மதிப்பைக் காணப் பயன்படும் தள்ளுபடி வீதம் அதை ஒட்டியே அமையும். விலை ஏறினால் அந்த வீதம் இறங்கும், வீதம் இறங்கினால் பெயர்களின் மதிப்பு ஏறும். ஆகவே பங்குச் சந்தையின் மனநிலை நற்பெயரை மட்டுமன்றி, 'தனித்து அளக்கப்பட்டவை' என்று சொல்லப்படும் பெயர்களையும் ஓரளவு தொட்டிருக்கலாம். இது வாதத்தைத் தளர்த்துவதில்லை, இறுக்குகிறது.

நற்பெயரை ஊதிப் பெருக்கும் இரண்டாவது காரணம் வகுப்பறையில் பெயரளவுக்குக்கூட வருவதில்லை. அது ஒத்திவைக்கப்பட்ட வரி. ஓர் எளிய கணக்குப் போதும். விற்றவரின் ஏட்டில் சுழியமாக இருந்த ஒரு பெயருக்கு நியாய மதிப்பு 100 ரூபாய் என்று கொள்வோம். கணக்கேட்டில் சொத்து 100. வருமான வரித்துறையின் பார்வையில் இணைப்பால் புதிய அடக்கம் எதுவும் பிறக்கவில்லை என்றால் அதன் மதிப்பு சுழியம். இந்த வேறுபாட்டுக்கு இன்றைய நிறும வரி வீதமான 25.17 விழுக்காட்டில் ஒரு வரிப் பொறுப்பைப் பதிய வேண்டும். பெற்றது 100, ஏற்ற பொறுப்பு 25.17, நிகரம் 74.83. அந்தப் பெயருக்காகவே 100 ரூபாய் கொடுத்திருந்தால்கூட, மிச்சம் 25.17 நற்பெயர் ஆகிவிடும். கூடுதலாக ஒரு பைசா கொடுக்காமலே நற்பெயர் பிறந்துவிட்டது. நற்பெயருக்கு மட்டும் முதற்பதிவில் இத்தகைய வரிப் பொறுப்பைப் பதியத் தரநிலை தடை விதிக்கிறது. பதிந்தால் நற்பெயர் கூடும், கூடியதற்கு மீண்டும் பொறுப்பு என்று சுழல் முடியாது என்பது காரணங்களுள் ஒன்று. பெயர்களே பெரும்பகுதியாக உள்ள எந்த வணிக இணைப்பிலும், பெயர்களின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு வரைக்கும் இவ்வழியே நற்பெயருக்குள் நுழைந்திருக்கக்கூடும்.

அப்படியானால் நற்பெயர் என்ற ஒற்றை எண்ணுக்குள் குறைந்தது மூன்று பொருள்கள் கிடக்கின்றன: பங்கு விலையின் அசைவு, வரிப் பதிவின் எதிரொலி, உண்மையாகவே இரண்டு வணிகங்கள் சேர்வதால் எதிர்பார்க்கப்படும் பலன். ஆண்டறிக்கைகள் மூன்றாவதை மட்டுமே பேசும். 'எதிர்பார்க்கப்படும் கூட்டுப் பலன்களும் திரண்ட பணியாளர் வளமும் நற்பெயரில் அடங்கும்' என்ற வகை வாக்கியம் எல்லா நிறுவனங்களின் குறிப்புகளிலும் ஏறக்குறைய எழுத்து மாறாமல் வரும். அந்த வாக்கியம் பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

நிறுவனங்கள் அப்படி எழுதுவதில் வியப்பில்லை. வியப்பு, ஆய்வேடுகள் அதை அப்படியே நம்புவதில். இணைப்புகள் பற்றி எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வுகளில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. நற்பெயரை மறுபயனால் வகுத்து, வரும் விகிதத்தை 'மிகைவிலை'யின் குறியீடாகவோ 'கூட்டுப் பல'னின் குறியீடாகவோ மாறியாக வைத்து, ஐந்தாண்டு இலாபத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். தொடர்பு புள்ளியியல் அளவில் முக்கியம் என்றால் ஒரு முடிவு, இல்லை என்றால் வேறொரு முடிவு. அந்த விகிதத்தின் பாதி வரை, உடன்பாட்டுக்கும் நிறைவுக்கும் இடையில் வாங்கியவரின் பங்கு எப்படி ஆடியது என்பதன் அளவாகவே இருக்கலாம் என்பதை எவரும் நெறியாளரிடம் கேட்பதில்லை, நெறியாளரும் கேட்பதில்லை. ரொக்கம் கொடுத்து முடிந்த இணைப்பில் இந்த ஆட்டமே கிடையாது. ஒப்புக்கொண்ட ரொக்கம் மாறாது. ரொக்க இணைப்பையும் பங்கு இணைப்பையும் ஒரே மாதிரியில் கலந்துபோட்டு நற்பெயரை ஒப்பிடுவது, கிலோவில் நிறுத்த அரிசியையும் படியில் அளந்த அரிசியையும் அலகு பாராமல் கூட்டுவது போன்றது. அந்தக் கூட்டலின்மேல் எத்தனை நட்சத்திரக் குறிகள் இட்டாலும் அது அரிசியின் எடை ஆகாது.

இதைத் திருத்தப் புதிய தரவுத்தளம் எதுவும் வேண்டியதில்லை. தேவையான யாவும் பொதுவெளியில் இருக்கின்றன. இணைப்புத் திட்டத்தில் பரிமாற்ற விகிதம் இருக்கும். பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிவிப்பில் நாள் இருக்கும். ஆண்டறிக்கையின் வணிக இணைப்புக் குறிப்பில் மறுபயனும், ஒவ்வொரு சொத்தின் நியாய மதிப்பும், ஒத்திவைக்கப்பட்ட வரிப் பொறுப்பும் இருக்கும். வெளியிட்ட பங்குகளை இரண்டு நாள்களின் விலைகளாலும் பெருக்கி வேறுபாட்டைத் தனியே எடுத்துவைப்பது அரை மணி நேர வேலை. வரிப் பொறுப்பை நற்பெயரிலிருந்து கழித்துப் பார்ப்பது இன்னும் ஐந்து நிமிடம். அதன்பின் எஞ்சுவதை 'கூட்டுப் பலன்' என்று அழைத்தால் ஓரளவு நேர்மை இருக்கும். அந்த எஞ்சிய தொகையும் சில நேரங்களில் எதிர்மறையாக வரக்கூடும். அப்படி வந்தால் அதுதான் ஆய்வுக்குரிய செய்தி.

பழைய தரநிலைக்கு ஒரு நற்குணம் இருந்தது என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். கொள்முதல் முறையில் பிறந்த நற்பெயரைப் பொதுவாக ஐந்தாண்டுகளுக்குள் போக்கெழுத வேண்டும் என்று அது கட்டளையிட்டது. நற்பெயர் என்ன என்று அதற்கும் தெரியாது, ஆனால் தெரியாததை நெடுநாள் வைத்திருக்கக்கூடாது என்று தெரிந்திருந்தது. புதிய தரநிலைகள் போக்கெழுதுவதைத் தடுத்து, ஆண்டுதோறும் மதிப்பிழப்புச் சோதனை மட்டும் போதும் என்கின்றன. இந்தச் சோதனையோ நற்பெயரைத் தனியே சோதிப்பதில்லை. அது ஒதுக்கப்பட்ட பணம் ஈட்டும் அலகு முழுவதையும் சோதிக்கிறது. அந்த அலகுக்குள் வாங்கியவரின் பழைய வணிகமும் கலந்திருந்தால், ஏட்டில் ஏறாத அதன் பழைய வளம் புதிய நற்பெயருக்குக் குடை பிடிக்கும். பன்னாட்டுக் கணக்கியல் தர வாரியம் இதைப் பல ஆண்டுகள் விவாதித்துவிட்டு, 2022 நவம்பரில் மதிப்பிழப்புச் சோதனை முறையே நீடிக்கட்டும் என்று முடிவு செய்தது.

2024 ஏப்ரலில் யூனிலீவர், ஹார்லிக்ஸும் பூஸ்டும் அடங்கிய பிரிவின் பெயரிலிருந்த 'ஆரோக்கிய' என்ற சொல்லை நீக்கி, 'செயற்பாட்டு ஊட்டச்சத்துப் பானங்கள்' என்று மாற்றியது. இணைய வணிகத் தளங்கள் இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானங்கள்' என்று வகைப்படுத்தக்கூடாது என்று ஒன்றிய அரசின் வணிக அமைச்சகம் அறிவுறுத்தியதைத் தொடர்ந்து வந்த மாற்றம் இது. ஒரு பிரிவு தன் பெயரின் முதற்சொல்லையே இழந்தது. அதற்கு முந்தைய மாதம் முடிந்த ஆண்டின் தனிநிலை இருப்புநிலைக் குறிப்பில் நற்பெயர் 17,316 கோடியாகவே இருந்தது, நான்காண்டுகளுக்கு முன் ஒரு நாளின் பங்கு விலை அங்கு கொண்டுவந்து வைத்த அதே எண்.

அடுத்த பருவத் தேர்வுக்குக் கேள்வித்தாள் எழுதுவோர் ஒன்றே ஒன்று செய்யலாம். 'ஏ நிறுமம் பங்குகளைப் பதினைந்து ரூபாய் வீதம் வெளியிட்டது' என்ற வரியை அடித்துவிட்டு, 'உடன்பாட்டு நாளில் பங்கின் சந்தை விலை பதினைந்து ரூபாய், கட்டுப்பாடு கைமாறிய நாளில் பத்தொன்பது ரூபாய்' என்று எழுதலாம். நற்பெயரைக் கண்டபின், அதில் எவ்வளவு பி நிறுமத்தினுடையது என்று கூடுதலாக இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்கலாம்.